சான்றிதழ் கைக்கு வரவில்லை, சேரும் நாள் வந்துவிட்டது: அவகாசம் கேட்பதா, தேதியைத் தள்ளுவதா?

புது வேலைக்குக் கையெழுத்துப் போட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, எச்ஆரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். பட்டச் சான்றிதழின் அசல், இப்போதைய நிறுவனத்தின் பணிச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை என்று ஒரு பட்டியல். அதன் கீழே, இவை எல்லாம் சேரும் நாளுக்கு ஐந்து வேலை நாள் முன்பாக வந்து சேர வேண்டும் என்று ஒரு வரி. பட்டியலில் இரண்டு உங்கள் கையில் இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது மூன்றில் ஒன்றாக இருக்கும். சேரும் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு தாளுக்கு மட்டும் அவகாசம் கேட்டு எழுதலாமா? சேரும் தேதியையே தள்ளிவைக்கச் சொல்லலாமா? இல்லை, இருக்கிற மாற்றுத் தாளைக் கொடுத்து அவகாசமே கேட்காமல் முடித்துக்கொள்ளலாமா? நான்காவதாக ஒன்றும் உண்டு: எதுவும் சொல்லாமல் முதல் நாள் போய் நின்று, அப்போது விளக்குவது. அதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நியமனக் கடிதங்களில் "ஆவணங்கள் திருப்திகரமாக இருந்தால் மட்டுமே இந்த நியமனம் செல்லும்" என்ற பொருளில் ஒரு விதி பெரும்பாலும் இருக்கும். முதல் நாள் வரை வாயைத் திறக்காதவர் அந்த விதியை மீறியவராகிவிடுகிறார். முன்பே சொன்னவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

## முதலில் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, அந்தத் தாள் யாருக்குத் தேவை என்பது. எச்ஆர் கோப்பில் வைப்பதற்கு என்றால், தேதியைத் தள்ளிக்கொடுக்கும் உரிமை எச்ஆரிடமே இருக்கிறது. சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் வேலை அனுமதிக்காக என்றால், எச்ஆர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவகாசம் தர அவருக்கு வழியில்லை. மூன்று கேள்விகளில் இதுதான் கனமானது. இதைக் கேட்காமல் எழுதிய கடிதங்கள்தான் பெரும்பாலும் பதிலில்லாமல் கிடக்கின்றன.

இரண்டாவது, தாள் என்றைக்கு வரும் என்று உங்களால் ஒரு நாளைக் குறிப்பிட முடியுமா? பட்டமளிப்பு விழாவின் தேதி தெரியும் என்றால் முடியும். ஊரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்றால் முடியாது.

மூன்றாவது, சேரும் தேதி நகர்ந்தால் உங்கள் கையைவிட்டு என்ன போகும்? சம்பளம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு நிற்பதில்லை. அதைக் கீழே பார்ப்போம்.

விளக்குவதற்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். செங்காங்கில் இருக்கும் ஒரு பெண், நிரந்தரவாசி. துவாஸில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பை முடித்திருக்கிறார். இறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது. பட்டச் சான்றிதழ் அக்டோபர் நடுவில் நடக்கும் விழாவில்தான் கிடைக்கும். பழைய வேலையில் கடைசி நாள் ஜூலை 31, வெள்ளி. புது வேலையில் சேரும் நாள் ஆகஸ்டு 3, திங்கள். ஆவணங்களுக்கான கெடு ஜூலை 27.

அவரிடம் இல்லாத இரண்டு தாளும் ஒரே மாதிரியானவை அல்ல. பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவே இல்லை. பணிச் சான்று விஷயம் வேறு: ஜூலை 31 வரை வேலை பார்த்தார் என்று பழைய நிறுவனம் ஜூலை 27 அன்று எழுதித் தர முடியாது. அந்தக் கெடுவே நடக்காத ஒன்று. எச்ஆருக்கும் அது தெரியும், பட்டியல் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படுவதால் அப்படி வந்துவிடுகிறது. இதைக் கடிதத்தில் அமைதியாக எடுத்துச் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை.

## தேதி அப்படியே, தாளுக்கு மட்டும் அவகாசம்

இந்தப் பெண்ணுக்கு இதுதான் சரியான வழி என்பேன். இரண்டு தாளும் எச்ஆர் கோப்புக்கானவை. இரண்டுக்கும் நாள் குறிப்பிட முடியும். நிரந்தரவாசி என்பதால் வேலை அனுமதி என்ற பேச்சே இல்லை.

இந்த வழியின் பலம், நிறுவனத்துக்கு எந்த இழப்பும் இல்லை என்பதில் இருக்கிறது. அவர்களுக்குத் திங்கட்கிழமை ஆள் வேண்டும், ஆள் வருகிறார். மேலாளர் முதல் வாரத்துக்குப் போட்டுவைத்த பயிற்சி நடக்கிறது. எச்ஆர் தன் பட்டியலில் ஒரு கட்டத்துக்கு எதிரே "பாக்கி" என்று எழுதிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கேட்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான நியமனங்களில் தகுதிகாண் காலம் மூன்று மாதமோ ஆறு மாதமோ இருக்கும். இவருக்கு மூன்று மாதம், அதாவது நவம்பர் தொடக்கம் வரை. விழா அக்டோபர் நடுவில் என்பதால், அக்டோபர் 23 என்று ஒரு நாளைக் கொடுத்தால் அது தகுதிகாண் காலத்துக்குள் வந்துவிடுகிறது. பணி உறுதி செய்யப்படுவதற்கு முன்பே கோப்பு நிறைந்துவிடும் என்று எச்ஆர் தன் மேலிடத்துக்குச் சொல்ல முடியும். இதே விழா டிசம்பரில் என்றால் எச்ஆர் தயங்குவார். அப்போது, பணி உறுதிக் கடிதத்திலும் இந்த நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

மறைவான செலவு என்னவென்றால், சான்றிதழ் வந்து சேரும் வரை உங்கள் நியமனம் ஒரு நிபந்தனையோடு தொங்கிக்கொண்டிருக்கும். பட்டதாரிக்கான சம்பளப் படி ஒன்று இருந்தால், அதைத் தாள் வந்த பிறகுதான் தருவோம் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ச்சி அடைவதைவிட அது மேல்.

இன்னொன்று, பின்னணிச் சரிபார்ப்பு. பல நிறுவனங்கள் இதை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகின்றன. எச்ஆருக்கு நீங்கள் எழுதிய கடிதம் அங்கே போகாது. அவர்களுடைய இணையப் படிவத்தில் "பட்டம் பெற்ற நாள்" என்ற கட்டத்தில் நீங்கள் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவைத்தால், பல்கலைக்கழகத்தைக் கேட்கும்போது "இன்னும் வழங்கப்படவில்லை" என்ற பதில் வரும். அறிக்கையில் அது முரண்பாடு என்று பதிவாகும். உண்மையைச் சொன்னவர் பொய் சொன்னவர் போலத் தெரிவது இப்படித்தான். படிவத்தில், படிப்பு முடிந்தது, பட்டம் அக்டோபரில் வழங்கப்படும் என்று குறிப்பு எழுதுங்கள். தன்விவரக் குறிப்பில் பட்டம் பெற்றுவிட்டதாக எழுதியிருந்தால் அதையும் கடிதத்தோடு திருத்தி அனுப்பிவிடுங்கள்.

## சேரும் தேதியையே தள்ளுவது

தாள் இல்லாமல் போய் நிற்பதற்குக் கூச்சப்பட்டே பலரும் முதலில் இதை நினைக்கிறார்கள். "எல்லாம் கைக்கு வந்ததும் நிம்மதியாகச் சேரலாமே" என்று தோன்றும். ஆனால் மூன்று வழிகளில் இதற்குத்தான் விலை அதிகம்.

நிறுவனத்தின் பக்கம் பாருங்கள். தாளுக்கு அவகாசம் என்றால் எச்ஆர் ஒருவரே முடிவெடுத்துவிடலாம். தேதி மாற்றம் என்றால் மேலாளர், சம்பளப் பிரிவு, சில இடங்களில் வாடிக்கையாளர் வரை போகும். இவர் உண்மையில் வரப்போகிறாரா என்ற சந்தேகமும் எழும்.

உங்கள் பக்கம், இடையில் விழும் இடைவெளியைக் கணக்கிடுங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த நாள்களுக்கு மத்திய சேம நிதிச் சந்தா வராது. வீட்டுக் கடனைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுபவர் அந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்க இருக்கும் இளம் தம்பதிகள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: மேம்படுத்தப்பட்ட மசேநிதி வீட்டு மானியத்துக்கு, விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒரு சான்றிதழுக்காக நடுவில் ஒரு மாத இடைவெளியைத் தேடிப்போய் உண்டாக்குவது புத்திசாலித்தனம் இல்லை.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, பழைய நிறுவனம் ஐஆர்21 படிவத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தாக்கல் செய்து, வரி தீரும் வரை அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். வேலை மாறுகிறவருக்கும் இது பொருந்தும். ஆக, கடைசி மாதச் சம்பளம் கையில் இல்லாத அதே வாரங்களில்தான் புதுச் சம்பளமும் தள்ளிப்போகிறது. பழைய பாஸ் ரத்தானதும் கிடைக்கும் குறுகிய கால வருகை அனுமதியில் வேலை செய்யவும் முடியாது.

இவ்வளவு இருந்தும், தேதியைத் தள்ளுவதுதான் ஒரே வழி என்ற நிலையும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு நிறுவனத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் பொறியாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் காம்பஸ் புள்ளி முறை வந்தது முதல், எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் டிப்ளோமாவோ அதற்கு மேற்பட்ட தகுதியோ காட்டினால், அது உண்மையானதுதான் என்பதற்கு மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பையும் இணைக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ஊரில் பல்கலைக்கழகத்தின் பதிலுக்காக நிற்கிறது. அது வராமல் விண்ணப்பம் போகாது, ஒப்புதல் வராது, பாஸ் வழங்கப்படாமல் அவர் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. இந்த நிலையில் "சான்றிதழுக்கு ஒரு மாத அவகாசம் தாருங்கள், ஆகஸ்டு 3 அன்று சேர்ந்துவிடுகிறேன்" என்று எழுதுவதில் பொருளே இல்லை. இவர் எழுத வேண்டியது, "பாஸ் வழங்கப்பட்ட பிறகு வரும் முதல் வேலை நாளில், என் விலகல் அறிவிப்புக் காலத்தையும் கணக்கில் கொண்டு, சேர்கிறேன்" என்ற கடிதம். ஒரு தேதியைப் போடாமல் ஒரு நிகழ்வோடு கட்டிவிடுவது இங்கே சரி.

தகுதியைக் காட்டாமலே விண்ணப்பிக்கவும் முடியும், ஆனால் அந்தப் பகுதிக்கான புள்ளி கிடைக்காது. மொத்தம் 40 புள்ளி தேவைப்படும் இடத்தில் பட்டத்துக்கான 10 இல்லாமல் தேற முடியுமா என்பதை நிறுவனம்தான் கணக்குப் பார்க்கும். அதை நீங்கள் கடிதத்தில் யோசனையாகச் சொல்லலாம், முடிவாகச் சொல்ல வேண்டாம்.

இவருக்கு நான் அழுத்தமாகச் சொல்வது இதுதான்: கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் கண்ணில் படும்வரை பழைய வேலையில் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். ஒப்புதல் கடிதத்திலும் ஒரு கெடு இருக்கும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அது ஆறு மாதம், எஸ் பாஸுக்கு 60 நாள்தான். எஸ் பாஸ்காரர் தேதியைத் தள்ளிக்கொண்டே போனால் அந்த 60 நாளில் போய் முட்டிக்கொள்வார்.

## மாற்றுத் தாளைக் கொடுத்து அவகாசம் கேட்காமல் முடிப்பது

இது தனி வழி போலத் தோன்றினாலும், முதல் வழிக்குத் துணையாகத்தான் பெரும்பாலும் நிற்கும். எச்ஆர் "அசல் அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருந்தால் மட்டும் இது தனியாகவே போதும்.

பட்டத்துக்கு: பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் தரும் படிப்பு நிறைவுக் கடிதமும் மதிப்பெண் பட்டியலும். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும். பணிச் சான்றுக்கு: விலகலை ஏற்றுக்கொண்ட கடிதம், சம்பளச் சீட்டுகள், மசேநிதிச் சந்தா விவரம். எந்த மாதத்தில் எந்த நிறுவனம் சந்தா செலுத்தியது என்பதை மசேநிதிப் பட்டியல் காட்டிவிடுவதால், எச்ஆர் அதைப் பெரிதும் நம்புகிறார்.

உள்ளூரில் படித்தவர்களுக்கு 2019 முதல் ஓப்பன்சர்ட்ஸ் மின்சான்றிதழ் இருக்கிறது. இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சான்றிதழைத் திறந்து, அச்சிட்டு, அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதை யாராலும் சரிபார்க்க முடியாது. `.opencert` என்று முடியும் கோப்பையே இணைத்து அனுப்ப வேண்டும். எச்ஆர் அதை `opencerts.io` பக்கத்தில் இட்டதும், யார் வழங்கியது, மாற்றப்படாமல் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், பட்டம் வழங்கப்படும் முன்பே மின்சான்றிதழ் கிடைத்துவிடும் என்று எண்ணிக் கடிதத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் அதை எப்போது அனுப்புகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இந்த வழியின் ஆபத்து, மாற்றுத் தாளை அசல் போலவே அனுப்பிவிடுவது. தற்காலிகச் சான்றிதழை "பட்டச் சான்றிதழ்" என்று பெயரிட்ட கோப்பாக ஏற்றினால், அன்றைக்கு யாரும் கவனிக்காமல் போகலாம். பின்னால் கவனிக்கும்போது அது வேறு மாதிரி ஆகிவிடும். வேலை அனுமதி விண்ணப்பத்தில் இப்படி நடந்தால் விளைவு இன்னும் மோசம். பொய்த் தகவலுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. கோப்பின் பெயரிலேயே "தற்காலிகம்" என்று எழுதிவிடுங்கள்.

## கடிதம்

செங்காங்கு பெண்ணின் கடிதம் இப்படி இருக்கும். இங்கே எல்லாரும் இதை ஆங்கிலத்தில்தான் அனுப்புவார்கள், ஆனால் சொல்லும் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

> பொருள்: ஆகஸ்டு 3 பணியில் சேர்வது, இரண்டு ஆவணங்களுக்கு அவகாசம் வேண்டி
>
> வணக்கம். ஒப்புக்கொண்டபடி ஆகஸ்டு 3, திங்கள் அன்று கணக்கு அதிகாரியாகப் பணியில் சேர்கிறேன். அந்தத் தேதியில் மாற்றம் இல்லை.
>
> நீங்கள் கேட்ட ஆவணங்களில் இரண்டைத் தவிர மற்றவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அந்த இரண்டையும் ஜூலை 27க்குள் தர இயலாத நிலை:
>
> பணிச் சான்று: என் கடைசி வேலை நாள் ஜூலை 31. அதன் பிறகு இரண்டு வாரத்துக்குள் தருவதாக இப்போதைய நிறுவனம் கூறியுள்ளது. ஆகஸ்டு 19க்குள் சமர்ப்பிக்கிறேன். இப்போதைக்கு விலகல் ஏற்புக் கடிதத்தையும் மசேநிதிச் சந்தா விவரத்தையும் இணைத்துள்ளேன்.
>
> பட்டச் சான்றிதழ்: படிப்பை நிறைவு செய்துவிட்டேன். பட்டமளிப்பு விழா அக்டோபர் நடுவில். அக்டோபர் 23க்குள் அசலைக் காட்டுகிறேன். பதிவாளர் அலுவலகத்தின் நிறைவுக் கடிதமும் மதிப்பெண் பட்டியலும் இணைப்பில் உள்ளன. பல்கலைக்கழகத்திடம் நீங்கள் நேரடியாக உறுதி செய்துகொள்ள என் சம்மதத்தையும் கையெழுத்திட்டு இணைத்துள்ளேன்.
>
> இந்தத் தேதிகள் உங்களுக்கு ஏற்புடையவை என்றால், இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பத்தியைக் கவனியுங்கள். அவகாசம் என்ற சொல்லைப் பார்த்ததுமே எச்ஆர் "சேரவில்லையா?" என்றுதான் பதறுவார். சேரும் தேதி மாறவில்லை என்பது தொடக்கத்திலேயே வந்துவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பார். வீட்டுச் சூழல், உடல்நிலை, பல்கலைக்கழகத்தின் மெத்தனம் எதுவும் கடிதத்தில் இல்லை. காரணம் ஒரு வரிதான்.

பணிச் சான்றுக்கு ஆகஸ்டு 14 என்று எழுதாமல் 19 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஆகஸ்டு 9 ஞாயிறு என்பதால் 10, திங்கள், தேசிய தின விடுமுறை. பழைய நிறுவனம் ஒரு நாள் பிந்தினாலும் இவர் கொடுத்த வாக்கு தவறாது. ஒருமுறை அவகாசம் கேட்பவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதே தாளுக்கு இரண்டாவது முறை கேட்கும்போதுதான் சந்தேகம் வருகிறது.

கடைசி வரியில் கேட்கும் உறுதி மின்னஞ்சலில், எச்ஆரிடமிருந்தே வர வேண்டும். "பரவாயில்லம்மா, அப்புறம் குடுத்துக்கலாம்" என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் சொல்வது அன்பான வார்த்தைதான், ஆனால் நியமனக் கடிதத்தின் நிபந்தனையைத் தளர்த்த அவரால் முடியாது. இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் எச்ஆரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு, பேசியதை அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரியாக எழுதி அனுப்புங்கள். எச்ஆர் மறுத்தால், எந்தத் தாளுக்கு மறுக்கிறார், அது அவருடைய கோப்புக்கா வேலை அனுமதிக்கா என்று கேளுங்கள். கோப்புக்கு என்றால் மாற்றுத் தாளில் எது ஏற்கும் என்று பேசலாம். அனுமதிக்கு என்றால் மட்டும் தேதி மாற்றத்தைப் பற்றிப் பேச்சை எடுங்கள், அதுவும் பழைய நிறுவனத்தில் கடைசி நாளை நீட்டிக்க முடியுமா என்று விசாரித்துவிட்டு.